கைப்பேசியில் இருக்கிற உரையாடல்கள் மடிக்கணினியில் ஏன் இல்லை?

ரேவதி, அல்சூர்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குத் தனிப்பயிற்சி நடத்துகிறேன். நான்கு மாதங்களாக ஐபோனில் ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியில்தான் வினாத்தாள்களைத் தயாரிக்கிறேன், மாதச் சந்தாவும் கட்டுகிறேன். நேற்றுப் புதிய விண்டோஸ் மடிக்கணினியில் என் ஜிமெயிலைக் கொடுத்து உள்ளே போனேன். ஓர் உரையாடல்கூட இல்லை. எல்லாம் அழிந்துவிட்டதா? திங்கட்கிழமை பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்திருக்கிறேன்.

சேகர், கே.ஆர்.புரம்

பதற வேண்டாம். உரையாடல்கள் கைப்பேசியின் நினைவகத்தில் தங்கியிருக்கும், மடிக்கணினிக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. கைப்பேசியில் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள். இரண்டும் ஒத்திசைந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் சரியானது.

பானு, ஒயிட்ஃபீல்டு

ரேவதி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கைப்பேசியிலிருந்து வெளியேறவும் வேண்டாம், செயலியை நீக்கவும் வேண்டாம். நீங்கள் எந்தக் கணக்கில் இருந்தீர்கள் என்பதற்கு இப்போது உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கைப்பேசிதான். வெளியேறிவிட்டு, மறந்துபோய் வேறு வழியில் நுழைந்தால் அங்கேயும் வெறும் பக்கம்தான் தெரியும். பிறகு தேடுவது இரண்டு மடங்கு கடினம்.

நான் பல ஆண்டுகள் உள்நுழைவு அமைப்புகளைக் கட்டும் வேலையில் இருந்தவள். இந்த வகைச் செயலிகளில் உரையாடல்கள் நிறுவனத்தின் சேவையகத்தில், கணக்கின் பெயரில் சேமிக்கப்படுகின்றன. எந்தக் கருவி என்பதை அது பார்ப்பதில்லை, எந்தக் கணக்கு என்பதை மட்டும்தான் பார்க்கிறது. ஆகவே முதல் சந்தேகம், உங்களுக்குத் தெரியாமலே இரண்டாவது கணக்கு ஒன்று பிறந்திருக்கிறது.

ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். கைப்பேசியில் புதிய உரையாடல் தொடங்கி, 'சோதனை' என்று ஒரு சொல் எழுதி அனுப்புங்கள். பதில் வந்ததும் மடிக்கணினியில் பக்கத்தைப் புதுப்பியுங்கள். அங்கே வரவில்லை என்றால் அவை இரண்டு கணக்குகள். பழைய பட்டியல் கைப்பேசியில் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இணையம் இல்லாதபோதும் சில செயலிகள் முன்பு இறக்கிவைத்த பட்டியலைக் காட்டும்.

இன்னொரு கேள்வி. நான்கு மாதத்துக்கு முன் கைப்பேசியில் முதன்முதலாக எந்தப் பொத்தானைத் தொட்டு நுழைந்தீர்கள்? நினைவிருக்கிறதா?

முத்துவேல், ஜாலஹள்ளி

எனக்கும் இதே துன்பம் நேர்ந்தது, அம்மா. கைப்பேசியை மாற்றியதும் பேரப் பிள்ளைகளின் படங்கள், மூன்று ஆண்டு அரட்டை எல்லாம் போயின. அதே எண்தான், அதே சிம்தான். கடைக்காரர் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். நிறுவனங்களை நம்பி எதையும் வைக்கக் கூடாது.

பானு, ஒயிட்ஃபீல்டு

ஐயா, உங்களுடையது வேறு வகை. வாட்ஸ்அப் போன்ற செயலியில் அரட்டை முதன்மையாக உங்கள் கைப்பேசியில்தான் இருக்கும். ஆண்ட்ராய்டில் அதன் காப்புப் பிரதி உங்கள் கூகுள் கணக்குக்குப் போகும். புதிய கைப்பேசியில் அதே எண் மட்டும் போதாது, பிரதி எடுத்த அதே கூகுள் கணக்கும் அதில் இருக்க வேண்டும். கடையில் அமைத்துக் கொடுக்கும்போது அவசரத்தில் புதிய ஜிமெயில் ஒன்றை உருவாக்கிக் கொடுப்பது நடக்கிறது. பழைய கைப்பேசி வீட்டில் இருந்தால், அந்தச் செயலியின் அமைப்புகளில் காப்புப் பிரதி எந்த மின்னஞ்சலுக்குப் போனது என்று எழுதியிருக்கும், பாருங்கள். பிரதியும் எடுக்கப்படவில்லை, பழைய கைப்பேசியும் இல்லை என்றால்தான் கதவு மூடியது.

சேகர், கே.ஆர்.புரம்

கருவிக்குச் சம்பந்தமே இல்லை என்று நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன், பானு. உள்நுழையாமலே உலாவியில் ஒரு வாரம் அப்படிப்பட்ட சேவையைப் பயன்படுத்தினேன். மறுநாள் அலுவலகக் கணினியில் ஒன்றுமே இல்லை. பிறகு வீட்டு உலாவியின் குக்கீகளை நீக்கியதும் அங்கும் இல்லை.

பானு, ஒயிட்ஃபீல்டு

அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. உள்நுழையாமல் பேசினால் அதைக் கட்டிவைக்கக் கணக்கே இல்லை, உலாவியோடு போய்விடும். தற்காலிக உரையாடல் என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் பேசினாலும் பட்டியலில் சேராது, எந்தக் கருவியிலும் வராது. ஆனால் ரேவதி கைப்பேசியில் சந்தா கட்டுகிறார். கணக்கு இல்லாமல் அது நடக்காது. மடிக்கணினியில் இலவசத் திட்டம் என்று காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பணம் கட்டியவருக்கு இலவசத் திட்டம் காட்டினால் அதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம்.

ரேவதி, அல்சூர்

'சோதனை' மடிக்கணினியில் வரவில்லை. இலவசத் திட்டம் என்றுதான் காட்டுகிறது. கைப்பேசியில் செயலியின் அமைப்புகளைத் திறந்தேன். மின்னஞ்சல் என்ற இடத்தில் என் முகவரியே இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று, கடைசியில் `@privaterelay.appleid.com` என்று முடிகிறது. யாராவது என் கணக்கைத் திருடிவிட்டார்களா?

பானு, ஒயிட்ஃபீல்டு

இல்லை, அது உங்களுடையதுதான்! நிம்மதியாக இருங்கள்.

ஆப்பிள் 2019இல் அறிமுகப்படுத்திய உள்நுழைவு வழி இது. நான்கு மாதத்துக்கு முன் `Continue with Apple` என்பதைத் தொட்டிருப்பீர்கள். அப்போது மின்னஞ்சலைப் பகிரவா, மறைக்கவா என்று ஒரு திரை வரும். மறைக்கும்படி விட்டால் ஆப்பிள் உங்களுக்கென்று ஒரு மாற்று முகவரியை உருவாக்கிச் செயலிக்குக் கொடுக்கும். அதற்கு வரும் கடிதங்கள் உங்கள் உண்மையான அஞ்சல் பெட்டிக்குத் திருப்பி அனுப்பப்படும். அந்தச் செயலி நிறுவனத்துக்கு உங்கள் ஜிமெயில் என்னவென்றே தெரியாது. நேற்று நீங்கள் ஜிமெயிலோடு வந்ததும் முன்பின் பார்க்காத ஆள் என்று நினைத்துப் புதுக் கணக்குத் திறந்துவிட்டது.

மடிக்கணினியில் வெளியேறுங்கள். மறுபடி நுழையும்போது கூகுளைத் தொடாமல் `Continue with Apple` என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஆனாலும் உலாவியில் அது வேலை செய்யும். ஆப்பிள் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கும். பிறகு ஐபோனில் ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைத் தட்டச்சு செய்யுங்கள்.

ஒன்றே ஒன்றில் கவனம். ஐபோன் அமைப்புகளில் உங்கள் பெயருக்குள் போனால் `Sign in with Apple` என்ற பட்டியலில் இந்தச் செயலியைக் காணலாம். அங்கே பயன்பாட்டை நிறுத்தும் பொத்தானும் இருக்கும். பார்ப்பதோடு நில்லுங்கள், அதைத் தொட்டால் செயலியோடு உள்ள இணைப்பு அறுந்துபோகும்.

மைந்தன், மடிவாளா

எல்லாரும் ரேவதி அக்காவிடமே வேலை வாங்குகிறீர்கள். தவறு அவருடையதா? ஜிமெயிலோடு வந்தவரிடம், 'இந்த முகவரியில் கணக்கு இல்லை, புதிதாகத் திறக்கட்டுமா?' என்று ஒரு வரி கேட்டால் என்ன? கேட்காமல் வெறும் பக்கத்தை நீட்டுகிறார்கள். நான்கு மாத உழைப்பு போனதென்று ஓர் ஆசிரியை இரவெல்லாம் கலங்குகிறார். நியாயமாக, இரண்டு கணக்கையும் அவர்களே இணைத்துத் தர வேண்டும்.

பானு, ஒயிட்ஃபீல்டு

கேட்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன், மைந்தன். அந்த ஒரு வரிக்காக நானே கூட்டங்களில் வாதாடியிருக்கிறேன். பதிவு செய்வதும் உள்நுழைவதும் ஒரே பொத்தானாக இருந்தால் அதிகம் பேர் சேர்வார்கள் என்று மறுத்துவிடுவார்கள்.

தானாக இணைப்பதைத்தான் ஏற்க மாட்டேன். மறைத்த முகவரியில் அது முடியவே முடியாது, இருவரும் ஒருவர்தான் என்று சேவைக்கு எப்படித் தெரியும்? முகவரி ஒன்றாகவே இருந்தாலும் ஆபத்து உண்டு. அலுவலக முகவரிகள் ஒருவர் போனபின் அடுத்தவருக்குக் கொடுக்கப்படுகின்றன. அதனால்தான் கூகுள்கூட, பயனரை மின்னஞ்சலால் அடையாளம் காணாதீர்கள், நாங்கள் தரும் மாறாத அடையாள எண்ணால் காணுங்கள் என்று செயலி எழுதுபவர்களுக்குச் சொல்கிறது. உங்கள் பழைய மேசையில் உட்கார்ந்தவர் உங்கள் உரையாடல்களைத் திறந்தால் என்ன ஆகும்?

மைந்தன், மடிவாளா

இரண்டு கணக்குக்கும் உரியவர் தாமே இரண்டிலும் நுழைந்து காட்டினால்? அப்போதும் ஆபத்தா? அந்த வசதியைத் தராமல் பாதுகாப்பைக் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பானு, ஒயிட்ஃபீல்டு

அந்த வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கார்த்திகா, மாரத்தஹள்ளி

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். எனக்கு நடந்தது கொஞ்சம் வேறு. பழைய நிறுவனத்தில் அலுவலக மின்னஞ்சலால் இதே போன்ற சேவையில் நுழைந்து, என் மகனின் பேச்சுப் பயிற்சிக் குறிப்புகளையும் அதிலேயே எழுதி வைத்தேன். வேலையை விட்ட அன்று மாலையே அஞ்சல் மூடப்பட்டது. சொந்த ஜிமெயிலில் நுழைந்தால் ஒன்றும் இல்லை. ஏழு மாதக் குறிப்புகள். எடுக்க வழி உண்டா?

பானு, ஒயிட்ஃபீல்டு

கார்த்திகா, அந்தக் கணக்கை நிறுவனமே வாங்கிக் கொடுத்திருந்தால் உரையாடல்கள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். அங்குள்ள தகவல் தொழில்நுட்ப நிர்வாகிக்கு உடனே எழுதிக் கேளுங்கள். தர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்கிறதா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நீங்களாகவே அலுவலக முகவரியைக் கொடுத்துத் திறந்த தனிக் கணக்கு என்றால், சேவையின் உதவிப் பிரிவுக்கு எழுதலாம். அஞ்சல் பெட்டியைத் திறந்து காட்ட முடியாத ஒருவரை அவர்கள் நம்புவது கடினம். பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

சேகர், கே.ஆர்.புரம்

ஒரு சந்தேகம். என் மனைவியின் ஜிமெயிலில் நடுவே ஒரு புள்ளி உண்டு. சில இடங்களில் புள்ளியோடும் சில இடங்களில் இல்லாமலும் எழுதுவார். கடிதம் இரண்டுக்கும் வருகிறது. இதுவும் சிக்கலா?

பானு, ஒயிட்ஃபீல்டு

சிக்கலாகலாம். ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் கொள்வதில்லை, பெட்டி ஒன்றுதான். ஆனால் வெளியிலுள்ள பல சேவைகளுக்கு அவை இரண்டு முகவரிகள், ஆகவே இரண்டு கணக்குகள். தட்டச்சு செய்து நுழையும்போதுதான் இது நேரும். பழைய கணக்கு எதுவென்று தெரியாவிட்டால் அஞ்சல் பெட்டியில் அந்தச் சேவை அனுப்பிய முதல் வரவேற்புக் கடிதத்தைத் தேடி, பெறுநர் என்ற வரியைப் பாருங்கள். புள்ளி இருக்கிறதா, இல்லையா என்பது அதில் அப்படியே நிற்கும்.

ரேவதி, அல்சூர்

வந்துவிட்டன! அத்தனையும் வந்துவிட்டன. முக்கோணவியல் வினாத்தாள், 'சோதனை' உட்பட. பானு அக்கா, எப்படி நன்றி சொல்வேன்.

ஒன்று மட்டும் மிச்சம். நேற்று இரவு அந்த வெற்றுக் கணக்கில் புள்ளியியல் வினாக்கள் பன்னிரண்டு தயாரித்துவிட்டேன். அவற்றை இங்கே கொண்டுவர முடியுமா?

பானு, ஒயிட்ஃபீல்டு

பெரும்பாலான சேவைகளில் தரவைப் பதிவிறக்கலாம், ஆனால் இன்னொரு கணக்கில் உரையாடலாக ஏற்ற முடியாது. பன்னிரண்டு வினாக்கள்தானே, கூகுள் வழியாக ஒருமுறை நுழைந்து, நகலெடுத்து, இந்தக் கணக்கில் புதிய உரையாடலாக ஒட்டிவிடுங்கள். ஒட்டியதைச் சரிபார்க்கும்வரை அந்த இரண்டாவது கணக்கை அழிக்க வேண்டாம். அழித்தால் வினாக்களும் போய்விடும்.