மினிமேப்புக்கு இரண்டாவது கேமரா தேவையா?

கடலோடி: யூனிட்டியில் ஓப்பன் வேர்ல்டு கேம் செய்கிறேன். வீரனின் தலைக்கு மேலே ஓர் ஆர்த்தோகிராபிக் கேமரா வைத்து, அது எடுக்கும் படத்தை மூலையில் வட்டமாகக் காட்டுகிறேன். ஃபிரேம் ரேட் பாதியாகிவிட்டது. படம் வெறும் 256 x 256 தானே, ஏன் இவ்வளவு அடி வாங்குகிறது? அப்புறம், வீரன் திரும்பினால் எதிரிப் புள்ளிகள் தப்பான பக்கம் ஓடுகின்றன.

செதுக்கி: படம் சின்னது என்பதால் மிச்சமாவது பிக்சல் வேலை மட்டும்தான். மரம், வீடு, அவற்றின் நிழல் என்று கேமராவுக்குக் கீழே இருப்பதையெல்லாம் இன்னொரு முறை வரையச் சொல்கிறீர்களே, அந்தச் செலவு அப்படியே நிற்கிறது. கேமராவைத் தூக்கிவிடுங்கள். எடிட்டரிலேயே உலகம் முழுவதையும் மேலிருந்து ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால், விளையாடும்போது அந்தப் படத்தை நகர்த்தித் திருப்பினால் போதும். எதிரிகள் அதன் மேல் ஒட்டும் சின்ன ஐகான்கள், அவ்வளவுதான்.

அரைநிலா: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 10 ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் அந்தக் கேமராவை வரையவிட்டால் செலவு பத்தில் ஒன்றாகிவிடும். என் கேமில் ஆட்டக்காரர்களே சுவர் கட்டுவார்கள், பள்ளம் தோண்டுவார்கள். முன்கூட்டியே எடுத்த படம் பத்து நிமிடத்தில் பொய்யாகிவிடுமே?

செதுக்கி: சராசரி குறையும், சரி. ஆனால் வழக்கமாக 12 மில்லிசெகண்ட் ஆகும் ஃபிரேம், மேப்புக்கு 9 சேர்ந்து 21 ஆனால், 60க்குத் தேவையான 16.6ஐத் தாண்டிவிடும். வினாடிக்கு ஆறு முறை இப்படிக் குலுங்கும். புரொஃபைலரைத் திறந்தால் ரம்பப் பல் மாதிரி தெரியும். போதாததற்கு மேப்பும் தவ்வித் தவ்வி நகரும்.

சுவர் கட்டும் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அங்கே தேவையைவிட அகலமான பரப்பை ஒருமுறை பிடித்துவிட்டு, வீரன் 40 மீட்டர் தள்ளிப் போனாலோ எதையாவது கட்டினாலோ மட்டும் மறுபடி பிடிக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் அந்தப் படத்தைத்தான் நகர்த்துகிறோம்.

பாதசாரி: மினிமேப்பே எதற்கு? ஆட்டக்காரர் மூலையைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறார், நீங்கள் மாதக்கணக்கில் செய்த மலையை யாரும் பார்ப்பதில்லை. நான் தூக்கிவிட்டு மேலே ஒரு திசைப்பட்டை வைத்தேன்.

கடலோடி: அது வேறு பஞ்சாயத்து, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். புள்ளிகள் தப்பாக ஓடுவதைச் சொல்லுங்கள். உலகம் எதிர்த்திசையில் சுழலவேண்டும் என்று நினைத்து `-yaw` போட்டேன்.

செதுக்கி: கோளாறு அங்கேதான். வடக்கு, தெற்கு பார்த்து நின்றால் புள்ளி சரியாகவும், கிழக்கு, மேற்கு பார்த்தால் நேர்எதிராகவும் இருக்கிறதா? அப்படியானால் `sin` குறி தலைகீழ். யூனிட்டியில் yaw கடிகாரத் திசையில் கூடும், கணக்குப் புத்தகச் சூத்திரமோ எதிர்த்திசையில் சுழற்றும். எதிர்ச்சுழற்சி அதிலேயே வந்துவிட்டது, நீங்கள் இன்னொரு மைனஸ் போட்டு அதைக் கெடுத்துவிட்டீர்கள்.

```
right = dx*cos(yaw) - dz*sin(yaw)
fwd   = dx*sin(yaw) + dz*cos(yaw)
sx = cx + right*s
sy = cy - fwd*s   // y கீழ்நோக்கி
```

வீரன் (1200, 800), எதிரி (1240, 830) என்று வையுங்கள். dx 40, dz 30. வீரன் கிழக்கு பார்க்கிறான், yaw 90. right −30, fwd 40 வரும், அதாவது எதிரி முன்னால் 40, இடப்பக்கம் 30 மீட்டர். வட்டத்தின் ஆரம் 100 பிக்சல், எட்டும் தூரம் 80 மீட்டர் என்றால் s 1.25. ஐகான் மையத்துக்கு 37.5 இடமும் 50 மேலுமாக விழும். உங்கள் மைனஸோடு போட்டால் அதே எதிரி வலப்பக்கம் பின்னால் போய் நிற்பான். யூனிட்டி UI-யில் y மேல்நோக்கிக் கூடும், அங்கே கடைசி வரியில் கூட்டல் போடவேண்டும். கோணத்தை ரேடியனாக மாற்ற மறக்காதீர்கள், நானே அதில் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன்.

கடலோடி: கிழக்கு பார்த்தால் நேர்எதிர், அதேதான். மைனஸை எடுத்ததும் சரியாகிவிட்டது! ஆனால் தூரத்துக் கோயில் ஐகான் மட்டும் திடீரென்று காணாமல் போகிறது. வட்டத்தின் விளிம்பில் ஒட்டி நிற்கத்தான் எழுதியிருந்தேன்.

செதுக்கி: ஐகான் கோயில் ஆப்ஜெக்டிடம் இடத்தைக் கேட்கிறதா? தூரம் போனதும் அந்தப் பகுதியே மெமரியிலிருந்து இறங்கிவிடும், அப்புறம் கேட்க ஆள் இல்லை. கோயில், கடை, குவெஸ்ட் இடங்களின் ஆயங்களைத் தனிப் பட்டியலில் எப்போதும் வைத்திருங்கள். எதிரிக்கு அது வேண்டாம், எல்லைக்கு வெளியே போனால் மறையட்டும். ஆனால் 80இல் காட்டி 88இல்தான் மறையுங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் கோட்டின் மேல் நிற்பவன் மின்மினிப் பூச்சியாகிவிடுவான்.

அரைநிலா: அதெல்லாம் சரி, சுரங்கத்தில் என் காலுக்கு நேர்கீழே 20 மீட்டரில் இருக்கும் எதிரி மையத்திலேயே சிவப்பாக நிற்கிறானே? உயர வித்தியாசத்துக்கு ஐகானில் அம்பு போட்டேன், யாருக்கும் புரியவில்லை.

செதுக்கி: நான் மங்கலாக்கிப் பார்த்தேன். காயம்பட்டவன் என்று நினைத்தார்கள்.

பாதசாரி: அதனால்தான் தூக்கச் சொன்னேன்.