புதுப்பிப்பு: டாட்ஜ் ரோல் குறிப்பில் விட்டுப்போன விதி

என் பழைய கேள்வி: "எங்க கேம்ல வீரர் உருளும்போது 4 முதல் 15 வரையான ஃபிரேம்களில் அடி படக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்தேன். புரோகிராமர் அப்படியே செஞ்சிருக்கார். ஆனாலும் உருண்டு தப்பிச்ச பிறகு அடி விழுது. குறிப்புல என்ன குறை?"

ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டிப் பார்த்தேன். பாஸின் கோடரி வீச்சு 14 ஃபிரேம் நீள்கிறது. உருளலின் 5ஆம் ஃபிரேமில் உடம்பைத் தொட்டால் 18 வரை மேலேயே கிடக்கிறது. பாதுகாப்பு 15இல் முடிய, 16இல் அடி.

"18 வரை நீட்டிவிடுங்கள்" என்றார் ஒருவர். இந்தக் கோடரிக்குச் சரி. ஆனால் சின்ன எதிரிகளிடம் கண்ணை மூடிக்கொண்டு உருளலாம். இன்னொருவர் தன் மொபைல் கேமில் நொடிக்கு 30 ஃபிரேமில் ரோல் இழுக்கிறது என்று புலம்பினார். கேள்வி அதுவல்ல, ஆனாலும் பயன்பட்டது: எண்கள் எல்லாம் நொடிக்கு 60 நிலையான டிக் என்று குறிப்பில் சேர்த்தேன்.

தீர்த்துவைத்தவர் சண்டை கேம்களில் பழுத்தவர். அவர் சொன்னபடி எழுதிய விதி: ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் எண்; பாதுகாப்பின்போது தொட்ட வீச்சு முடியும்வரை அதே வீரரை மறுபடி அடிக்காது.

```
if (invulnerable) dodged.insert(swingId);
if (dodged.contains(swingId)) return;
```

தரையில் எரியும் நெருப்புக்கு இது பொருந்தாது. அதற்கு எண் கிடையாது, 16இல் சுடட்டும்.

அப்புறம், உருளும்போதே விளிம்பிலிருந்து விழுந்தால்? உருளலை வெட்டி விழும் நிலைக்கு மாற்றுகிறோம். பாதுகாப்பும் அங்கேயே முடிய வேண்டும் என்கிறார் புரோகிராமர்; 15 வரை இருக்கட்டும் என்கிறேன் நான். இன்னும் இழுபறிதான்.