தவணை அதேதான், கடன் முடியும் திகதி மட்டும் தள்ளிப் போயிருக்கிறது

வெள்ளவத்தை வாசி: வீட்டுக் கடனுக்கு வட்டி மாற்றக் கடிதம் வந்தது. 11 சதவீதம் 13 ஆகிறதாம். மாதத் தவணை 90,928 ரூபாய், மாற்றமில்லை. அப்பாடா என்று மடிக்கப் போனால், அடியில் மீதித் தவணைகள் 284 என்று இருக்கிறது. முந்தைய கணக்குக் கூற்றில் 180. இன்னும் கட்ட வேண்டிய கடன் முதல் தொகை 80 இலட்சம். இரண்டு சதவீதத்துக்கு 104 மாதம் கூடுமா? யாருக்காவது இப்படி வந்ததா?

தெஹிவளை தம்பி: எனக்கும் வந்தது அண்ணா. பயப்படாதீர்கள், வட்டி இறங்கினால் காலமும் தானாகக் குறையும். 2022 இல் முதன்மைக் கடன் வீதம் 25 சதவீதத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப இறங்கியதுதானே.

கடன் பிரிவில் இருந்தவள்: கணக்கு சரிதான். 80 இலட்சத்துக்கு 13 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 86,667. உங்கள் தவணையில் 4,261 ரூபாய்தான் முதல் தொகையில் கழிகிறது. முன்பு 17,595 கழிந்தது. அதனால்தான் இவ்வளவு இழுபடுகிறது. இன்னும் ஒரு சதவீதம் ஏறினால் மாத வட்டி 93,333. தவணை வட்டிக்கே போதாது, கடன் வளரத் தொடங்கும். கடிதம் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பி சொல்வது பாதி சரி. தவணையைக் குறைக்காமல் விட்டால்தான் காலம் சுருங்கும். வட்டி இறங்கும்போது தவணையைக் குறைத்துவிட்டு, நீண்ட காலத்தை அப்படியே விட்ட கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

மட்டக்குளி: என் முச்சக்கரவண்டி லீசிங்கில் மாதக்காசும் மாறவில்லை, காலமும் மாறவில்லை. உங்கள் வங்கி ஏமாற்றுகிறது.

கடன் பிரிவில் இருந்தவள்: உங்களுடையது நிலையான வட்டியாக இருக்கும். இவருடையது மாறும் வட்டி, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

கொட்டாஞ்சேனை அக்கா: காப்புறுதியையும் பாருங்கள். கடன் எடுக்கும்போது போட்ட ஆயுள் காப்புறுதி ஆரம்பத்தில் ஒப்புக்கொண்ட காலத்துக்குத்தான். எங்கள் வீட்டில் கடன் நீண்டது, காப்புறுதி நீளவில்லை. அண்ணாவுக்கு வயதென்ன?

வெள்ளவத்தை வாசி: 46. அப்படியென்றால் முடியும்போது கிட்டத்தட்ட 70. இதைக் கடிதத்தில் யாரும் எழுதவில்லை! பழையபடி 15 வருடத்தில் முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும்?

கடன் பிரிவில் இருந்தவள்: ஏறத்தாழ 1,01,219. அது கஷ்டமென்றால் 96,000 ஆக்கக் கேளுங்கள், 216 மாதத்துக்கு இறங்கும். கூடுதலாகக் கட்டுவது உடனே முதல் தொகையில் கழியுமா, அடுத்த தவணைக்கு முற்பணமாகக் கிடக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். முற்பணமாகக் கிடந்தால் பயனில்லை.

வெள்ளவத்தை வாசி: கிளையில் கேட்டேன். தவணையைக் கூட்டச் சம்பளச் சீட்டுடன் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். காப்புறுதியை நீட்ட மறுபடி மருத்துவப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. அது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.