கலைச்சொல்: "ட்ரிக்கர்", "ஏர்லி வார்னிங் இண்டிகேட்டர்" இரண்டுக்கும் என்ன வைப்பது?

செல்வி (மஞ்சக்குப்பம், கடலூர்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திட்ட மேலாண்மைப் பயிற்சிக்கு ஒரு கையேடு தமிழில் தயாராகிறது, இடர் பற்றிய பகுதியில் இரண்டு சொற்களில் வந்து நிற்கிறேன். ஏர்லி வார்னிங் இண்டிகேட்டருக்கு "முன்னறிகுறி" என்று போட்டிருக்கிறேன், அது பரவாயில்லை என்று நினைக்கிறேன். ரிஸ்க் ட்ரிக்கருக்குத்தான் எதுவும் உட்காரவில்லை. தரவுத்தளத்தில் "தூண்டி" என்கிறோம், துப்பாக்கிக்கு "விசை". "இடர்த்தூண்டி" என்று எழுதிப் பார்த்தேன், படித்தவர்கள் எல்லோருமே இடரை உண்டாக்குகிற காரணம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

பிரபு எழுதியது:

அக்கா, அவர்கள் எடுத்துக்கொண்டது சரிதானே? மழை பெய்வது தூண்டி, தளத்தில் வேலை நிற்பது இடர். காரணம் வந்தால் விளைவு வரும். "இடர்த்தூண்டி"யே இருக்கட்டும், ஏற்கெனவே பழகின சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

மீனாட்சி (லாஸ்பேட்டை, புதுச்சேரி) எழுதியது:

பிரபு, பாதி சரி. நடைமுறையில் அந்த ஆங்கிலச் சொல்லை இரண்டு பொருளில் புழங்குகிறார்கள், ஒன்று நீங்கள் சொல்கிற காரணம். ஆனால் வாராவாரம் ஒரு குழு கவனிக்க வேண்டியது மற்றதை: எந்த நிலை வந்தால் நாம் பேச்சை நிறுத்திவிட்டு முன்பே முடிவு செய்த வேலையைத் தொடங்குவோம் என்பது. அது தூண்டுவது இடரை இல்லை, நம்மை.

எங்கள் குழுவில் நடந்ததையே சொல்கிறேன். போன வருடம் ஒரு மருத்துவமனைக்கு பில்லிங் மென்பொருள், ஆறு பேர் வேலை செய்தோம், 2025 டிசம்பர் 15 திங்கட்கிழமை ஓட்டத்துக்கு விட வேண்டும். ஆய்வகக் கருவிகளிலிருந்து முடிவுகளை எடுத்துத் தருகிற இணைப்பு வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு. அவர்கள் தாமதித்தால் என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்: முடிவுகளைக் கோப்பாக வாங்கி நாங்களே ஏற்றுகிற மாற்றுவழி, அதைக் கட்ட மூன்று வாரம். அப்படியானால் நவம்பர் 24க்குள் தொடங்கியாக வேண்டும், அதற்குப் பிறகு எந்த எச்சரிக்கை வந்தாலும் எங்களுக்குப் பயனில்லை.

முன்னறிகுறியாக நாங்கள் எடுத்தது ஒரே ஒரு எண்: அவர்களிடம் கேட்டு இன்னும் பதில் வராத கேள்விகளில் மிகப் பழையதற்கு எத்தனை நாள் ஆகிறது. "வேலை எத்தனை சதவீதம் முடிந்தது" என்று கேட்டால் எப்போதும் தொண்ணூறு என்றுதான் சொல்வார்கள், பதில் வராத கேள்விக்கு வயதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. பத்து நாளைத் தாண்டினால் மாற்றுவழியைத் தொடங்குவது என்று கோடு போட்டோம். வியாழக்கிழமைதோறும் காலையில் கால் மணி நேரம், எண்ணைப் படிக்க ஒருவர் பொறுப்பு, இந்த வார எண்ணுக்குப் பக்கத்தில் முந்தின வாரங்களின் எண்ணும் இருக்கும். அக்டோபர் 16இல் 3, 23இல் 6, 30இல் 8, நவம்பர் 6இல் 15.

அங்கேதான் தப்பு நடந்தது. "தீபாவளி நேரம், ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம்" என்று கோட்டை இருபதுக்கு நகர்த்தினோம். 13ஆம் தேதி அதே கேள்விக்கு 22. புதுக் கோட்டையும் தாண்டியாயிற்று, அப்போதும் அவர்களோடு ஒரு கூட்டம் போட்டுப் பேசிப் பார்க்கலாம் என்று இழுத்து, கடைசியில் டிசம்பர் 1இல்தான் தொடங்கினோம். டிசம்பர் 15 என்பது டிசம்பர் 22 ஆனது. எண் சரியான நேரத்தில் சொல்லிவிட்டது, 6ஆம் தேதியே தொடங்கியிருந்தால் பதினெட்டு நாள் கையில் மிச்சம் இருந்திருக்கும். அதனால்தான் எனக்கு இந்தச் சொல் முக்கியமாகப் படுகிறது: "தூண்டி" என்றால் யாரோ எதையோ தூண்டட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

ராஜேந்திரன் (கடலூர் முதுநகர்) எழுதியது:

புயல் எச்சரிக்கை பற்றித்தானே கேட்கிறீர்கள்? அதற்கு எங்களிடம் சொல் இருக்கிறது, கூண்டு. துறைமுகத்தில் 1ஆம் எண் ஏறினால் தூரக் கடலில் ஒரு தாழ்வு உருவாகியிருக்கிறது என்று பொருள், 3 ஏறினால் நம் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம், 10 என்றால் பெரிய அபாயம். மொத்தம் 11 வரை உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட "3 ஏத்திட்டாங்க" என்றால் புரியும். "இடர்க்கூண்டு" என்று வையுங்களேன். ஆனால் ஒன்று, எங்கள் வீட்டுப் படகு தங்கல் தொழிலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு முழுப் பகல் ஆகும். அதனால் 3 ஏறும் வரை நாங்கள் காத்திருப்பதில்லை, 1 ஏறினாலே வயர்லெஸில் கூப்பிட்டுவிடுவோம். பக்கத்து வீட்டு ஃபைபர் படகு இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும், அவர்கள் 3 வரை பார்ப்பார்கள்.

மீனாட்சி எழுதியது:

ஐயா, கேள்வி அலுவலகத் திட்டங்களைப் பற்றியது, ஆனால் நான் சொல்ல வந்ததை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். கூண்டின் எண்தான் முன்னறிகுறி, அது எல்லோருக்கும் பொது. எந்த எண்ணில் படகைக் கூப்பிடுவது என்பது அந்தந்த வீட்டின் கோடு, அதைத் தீர்மானிப்பது திரும்பி வர ஆகும் நேரம். அதனால் "கூண்டு" முதல் சொல்லுக்குப் பொருந்தும், செல்வி தேடுகிற இரண்டாவதற்குப் பொருந்தாது. அதற்கு "செயல்கோடு" என்று வைக்கலாமா? கோட்டைத் தாண்டியது, கோட்டை நகர்த்தினார்கள் என்று வினையும் இயல்பாக வருகிறது.

பிரபு எழுதியது:

சரி, காரணத்தோடு குழப்பியது என் தவறு. இருந்தாலும் கோட்டை இப்படி முன்னால் போட்டால் பொய் எச்சரிக்கை வராதா? ராஜேந்திரன் ஐயா வீட்டில் 1க்கே திரும்பி, புயல் வேறு பக்கம் போய்விட்டால் டீசலும் மீனும் நஷ்டம்தானே.

ராஜேந்திரன் எழுதியது:

போகும் தம்பி, பல தடவை போயிருக்கிறது. ஒரு தடவை தப்பாகக் கூப்பிட்டால் ஒரு நடையின் செலவு. கூப்பிடாமல் விட்டுத் தப்பானால் படகும் ஆட்களும்.

மீனாட்சி எழுதியது:

எங்கள் கணக்கிலும் அதேதான். மாற்றுவழியை வீணாகத் தொடங்கியிருந்தால் இரண்டு பேருடைய சில நாள் உழைப்பு போயிருக்கும். இப்போது கோட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறோம்: 7 நாளில் அந்த நிறுவனத்தின் மேலாளரை நேராகக் கூப்பிடுவது, அதற்குச் செலவே இல்லை, 10இல் மாற்றுவழி. கோட்டை நகர்த்த வேண்டுமானால் அந்த வியாழக்கிழமை முடியாது, அடுத்த வாரம்தான், காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். அப்புறம் எண்ணைப் படிக்க வேண்டியவர் விடுப்பில் போய் கட்டம் காலியாக இருந்தால் அதைப் பச்சை என்று எடுப்பதில்லை, சிவப்பு என்றே எடுக்கிறோம். முன்பு காலிக் கட்டங்கள் எல்லாம் பச்சையாகவே கடந்து போயின.

செல்வி எழுதியது:

"செயல்கோடு" பிடித்திருக்கிறது, நாளை அந்தப் பகுதியைத் திருத்துகிறேன். "முன்னறிகுறி" அப்படியே இருக்கும், ராஜேந்திரன் ஐயாவின் கூண்டை எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாமா என்று அவரிடம் தனியாகக் கேட்கிறேன். ஒன்று மட்டும் இடிக்கிறது. எண்ணே இல்லாத இடத்தில் என்ன செய்வது? "குழுவின் ஒரே டேட்டாபேஸ் ஆள் ராஜினாமா கடிதம் கொடுத்தால்" என்பதும் இதே வகைதான், அங்கே தாண்டுவதற்குக் கோடு எதுவும் இல்லை, ஒரு நிகழ்ச்சி நடக்கிறது அல்லது நடக்கவில்லை. "செயற்குறி" என்று பார்த்தேன், கணக்கில் கூட்டல் கழித்தல் குறிகளுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டுமா, தனித்தனியாக வைக்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும், அன்று மாலை அச்சுக்குக் கொடுக்கிறேன்.