கார் லோன்: கடைசில மொத்தமா கட்டுற ஸ்கீம் லாபமா? அவசரம்

ஒத்தக்கடையான்: அண்ணே, நாளைக்குள்ள முடிவு சொல்லணும்னு ஷோரூம்ல நெருக்குறாய்ங்க. 8 லட்சம் லோன், 5 வருஷம். சாதாரணமா போட்டா மாசம் 16,800, பலூன் போட்டா 13,660தானாம். மாசம் 3,140 மிச்சம்னா எதுக்கு யாருமே இத எடுக்க மாட்டேங்குறாய்ங்க?

திருமங்கலத்தான்: வட்டி எத்தன? கடைசில எவ்வளவு கட்டணும்? அதச் சொல்லாம என்னத்த சொல்றது.

மேலூர் மாப்ள: பிளாட் வட்டியா இருக்கும், சாக்கிரத. நான் பழைய வண்டி எடுத்தப்ப 7ன்னு சொல்லி கடைசில 13 கிட்ட வந்துச்சு.

ஒத்தக்கடையான்: பிளாட் இல்லண்ணே, குறையுற வட்டி, ரெண்டுக்கும் 9.5. கொட்டேஷன்ல கீழ பொடி எழுத்துல 2,40,000னு இருக்கு, அதுதான் கடைசியா கட்டுறது போல.

கணக்குப்பிள்ளை: "போல"யா! இதே கேள்வி இங்க எத்தன தடவ வந்துருச்சு, தேடிப் பாக்கத்தான் ஆளில்ல. எக்செல்ல இதப் போடுங்க:

```
=PMT(9.5%/12,60,-800000,240000)
```

13,661 வரும். அந்த 2.40 லட்சம் அசல்ல குறையவே இல்ல, 5 வருஷமும் அதுக்கு மாசம் 1,900 வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். மொத்த வட்டி சாதாரண லோன்ல 2.08 லட்சம், இதுல 2.60 லட்சம்.

வைகைக்கரை: 52 ஆயிரம் நஷ்டம்ங்குறது பாதிக் கணக்குங்க. அந்த 3,140ஐ மாசாமாசம் 7% ஆர்டில போட்டா கடைசில கிட்டத்தட்ட 2.25 லட்சம் கையில நிக்கும், துண்டு விழுறது 15 ஆயிரம்தான்.

மேலூர் மாப்ள: ஆர்டியா? ஏலச்சீட்டு போடுங்க பங்காளி.

வைகைக்கரை: சீட்டு நடத்துறவன் ஓடிட்டா பலூனுக்கு நீங்க வந்து கட்டுவீங்களா?

மேலூர் மாப்ள: எங்க தெருவுல 20 வருஷமா நடத்துறாய்ங்க, ஒருத்தரும் ஓடல.

திருமங்கலத்தான்: சீட்டுச் சண்டைய அப்புறம் வச்சுக்கங்கப்பா. தம்பி, நடுவுல வண்டிய விக்கிற யோசனை இருக்கா? 3 வருஷம் முடிஞ்சு குளோஸ் பண்ணப் போனா சாதாரண லோன்ல பாக்கி 3.66 லட்சம், பலூன்ல 4.96 லட்சம் நிக்கும். எங்க மச்சான் வண்டி கப்பலூர் டோல்கேட் தாண்டி லாரில மோதி டோட்டல் லாஸ் ஆச்சு, இன்சூரன்ஸ் காசு நேரா பேங்குக்கே போயிருச்சு, அதுக்கு மேல பாக்கிய கைக்காசு போட்டுக் கட்டுனாரு. அவருது பலூன் வேற.

கணக்குப்பிள்ளை: அந்தக் கடைசித் தொகையக் கட்டுற வரைக்கும் ஆர்சில பேங்க் பேரு போகாது, என்ஓசியும் தர மாட்டாய்ங்க. போனஸோ நெல்லுக்காசோ மொத்தமா வர்ற ஆளுக்கு மட்டும்தான் இது சரி. உங்க வருமானம் என்னன்னு இன்னும் சொல்லல.

ஒத்தக்கடையான்: 5 வருஷம் கழிச்சு அந்த 2.40க்கு மறுபடி லோன் போட்டுத் தருவீங்களான்னு கேட்டேன். "அப்பப் பாத்துக்கலாம் சார்"ங்குறாரு, எழுதிக் கேட்டா மாட்டாராம். சாதாரண லோன்லயே கையெழுத்துப் போட்டுட்டேன். நன்றிண்ணே.

வைகைக்கரை: வட்டிய பேரம் பேசுனீங்களா, அதே 9.5தானா?