முற்கொடுப்பனவை மாதாமாதம் செலவுக்கு மாற்றுவதற்கு என்ன சொல்?

நல்லூரிலிருந்து, மென்பொருளாளர்:
கணக்கு மென்பொருளுக்குத் தமிழ் முகப்புச் செய்கிறோம். லொறிக்கு ஓராண்டுக் காப்புறுதிக் கட்டணத்தை ஒரேயடியாகக் கட்டினால் அது முற்கொடுப்பனவு, சொத்துப் பக்கம் நிற்கும். அதில் மாதம் ஒரு பங்கை எடுத்துக் காப்புறுதிச் செலவில் போடும் செயலுக்குத்தான் சொல் வேண்டும். பொத்தானில் வரும், சின்னதாக இருக்கட்டும். "மாதக் கழிவு" சரிவருமா?

மானிப்பாய், உயர்தரக் கணக்கீட்டு ஆசிரியை:
கழிவு வேண்டாம். எங்கட பிள்ளைகளுக்குக் கழிவு என்றால் விலையில் விட்டுக்கொடுப்பது. சொத்து குறைந்துகொண்டு போவதால் "தேய்வு" என்று வைக்கலாம். கணக்கும் லேசு, 12ஆல் பிரித்தால் முடிந்தது.

யாழ் நகர், கணக்காய்வாளர்:
டீச்சர், குறைகிறது என்பது சரி. ஆனால் பெறுமானத் தேய்வில் லொறி எத்தனை வருடம் உழைக்கும் என்று நாம்தான் மதிப்பிடுகிறோம். காப்புறுதியில் கடைசித் திகதி பத்திரத்திலேயே இருக்கு. லொறி ஓடினாலும் கொட்டிலில் கிடந்தாலும் நாள் கழியும்.

12ஆல் பிரிப்பதும் மாதத் தொடக்கத்தில் எடுத்த பத்திரத்துக்கே பொருந்தும். 12.08.2024 முதல் 11.08.2025 வரை ரூபா 146,000 என்று வையுங்கோ. 365 நாள், நாளுக்கு 400. ஆகஸ்டில் 20 நாள்தான், 8,000 வரும். மார்ச் 31 நிதியாண்டு முடிவில் 232 நாள் போய்விடும்: செலவு 92,800, முற்கொடுப்பனவு மீதி 53,200. ஆகஸ்டை முழு மாதமாக எண்ணி 12ஆல் பிரித்தால் மீதி 48,667 ஆகிவிடும். பிழை சுமார் 4,533. பதிவு எப்போதும் ஒன்றுதான்: காப்புறுதிச் செலவுக் கணக்கு வரவு, முற்கொடுப்பனவுக் கணக்கு செலவு.

என் தெரிவு "செலவாக்கம்".

சுன்னாகம், லொறி வைத்திருப்பவர்:
அண்ணை, நான் மார்ச் முடியேக்கை லொறியை வித்திட்டன். அப்ப அந்த 53,200உம் எனக்குத் திரும்ப வருமோ?

கணக்காய்வாளர்:
இல்லைத் தம்பி, அது கணக்கில் நிற்கும் மீதி. பத்திரத்தை இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பது பத்திர நிபந்தனையைப் பொறுத்தது. நாட்கணக்கைவிடக் குறையவும் கூடும். 40,000 வந்தால் மிச்சம் 13,200 அந்த மாதமே செலவு. தானாக ஓடும் பதிவையும் அன்றே நிறுத்த வேண்டும். மறந்தால் முற்கொடுப்பனவு செலவு மீதி காட்டும். பரீட்சை மீதியில் அதைக் கண்டால் முதலில் இந்தப் பதிவைத்தான் பாருங்கோ.

ஆசிரியை:
நாட்கணக்கை ஏற்கிறேன், செலவாக்கத்தை இல்லை. "செலவாக்கு" என்றால் பிள்ளை காப்புறுதிக் கணக்கைச் செலவுப் பக்கம் போட்டுவிடும். உண்மையில் அது வரவு. "செலவினமாக்கம்" என்றால் அந்தக் குழப்பம் குறையும்.

மென்பொருளாளர்:
பொத்தானுக்கு நீளம். இப்போதைக்குச் "செலவினமாக்கு" என்று வைத்து, நிறுத்தும் பொத்தானையும் பக்கத்தில் போடுகிறேன். "செலவேற்று" என்று இன்னொருவர் தனியே எழுதியிருக்கிறார், அதையும் பாருங்கோ.