எங்கள் கடைப் பெயருக்கே கூகுளில் விளம்பரம் போடுவது வீண் செலவா?

திருநெல்வேலிக் கடைக்காரன்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் அனுப்புகிறோம். எங்கள் பெயரைத் தேடினால் விளம்பரமில்லாமலே நாங்கள்தான் முதலில் வருகிறோம். ஆனாலும் அந்தப் பெயருக்கான விளம்பரத்துக்கு இலங்கையில் மட்டும் மாதம் 600 கிளிக், கிளிக்குக்கு 20 ரூபாப்படி 12,000 ரூபா போகிறது. அதில் 40 ஓடர் வந்ததாக அறிக்கை காட்டுகிறது. ஒரு ஓடரில் 900 ரூபா மிஞ்சும். நிறுத்தலாமா?

கணக்குப்பிள்ளை: ஓடருக்கு 300 ரூபா செலவு, 900 மிச்சம். இதைப் போய் நிறுத்துவார்களா? பெயர் விளம்பரம்தான் எப்போதும் மலிவு.

சுன்னாகம் ரஜி: பேஸ்புக்கில் பூஸ்ட் பண்ணுங்கோ அண்ணை, எனக்கு அதுதான் சரிவந்தது.

கொக்குவில் அக்கா: ரஜி, கேள்வி அதுவல்ல. கணக்குப்பிள்ளை சொன்ன மலிவு உண்மை, ஆனால் அந்த 40 பேரும் கடைப் பெயரைத் தட்டியே வந்தவர்கள். விளம்பரம் இல்லாவிட்டால் கீழே இருக்கும் இணைப்பை அழுத்தியிருப்பார்களா என்பதை அறிக்கை சொல்லாது. 2012இல் ஈபே சில தேடுபொறிகளில் தன் பெயர் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தபோது, இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் இலவச முடிவுகள் வழியாகவே திரும்பி வந்தது. அது பெரிய பெயர், அப்படியே நம்ப வேண்டாம் தம்பி. ஒரு வாரம் போட்டு, ஒரு வாரம் நிறுத்தி, மாறி மாறிப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் செய்ய வேண்டாம், தேடலே கூடிவிடும். பெயரை ஆட்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் எல்லா விதத்தையும், இலவசக் கிளிக்கைக் காட்டும் கூகுள் சேர்ச் கன்சோலில் சேர்த்து எண்ணுங்கள். எங்கே காட்டுவது என்பதைக் கூகுளே தீர்மானிக்கும் Performance Max விளம்பரம் ஓடினால் அதிலும் கடைப் பெயரை விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நிறுத்திய செலவு அந்த வழியால் போய்விடும், நிறுத்தியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

திருநெல்வேலிக் கடைக்காரன்: பார்த்தாயிற்று அக்கா. போட்ட வாரங்களில் சராசரியாக விளம்பரக் கிளிக் 150, இலவசம் 420. நிறுத்திய வாரங்களில் இலவசம் 555.

கொக்குவில் அக்கா: அப்போ 150இல் 135 திரும்பிவிட்டது. வாரம் 3,000 ரூபாவுக்கு நீங்கள் புதிதாக வாங்கியது 15 கிளிக்தான், ஒன்று 200 ரூபா. உங்கள் கணக்குப்படி 15 கிளிக்குக்கு ஒரு ஓடர். 900 ரூபா மிஞ்சும் ஓடருக்கு 3,000 கொடுக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை: அந்த 15 வெறும் ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாமே?

கொக்குவில் அக்கா: இருக்கலாம். ஆனால் விளம்பரம் செலவை ஈடுசெய்கிறது என்றால், நிறுத்தும்போது வாரம் 50 கிளிக்காவது உண்மையில் குறைய வேண்டும்.

ரொறன்ரோ சிவா: இதை வைத்துக் கனடாவிலும் நிறுத்தாதீர்கள். இங்கே என் கடைப் பெயரைத் தேடினால் வேறொரு கடையின் விளம்பரம்தான் மேலே வந்தது. கூகுளிடம் முறையிட்டுப் பார்த்தேன். வணிகக் குறியைப் பதிந்திருந்தால் விளம்பர வாசகத்தில் பெயரைப் போடுவதைத் தடுக்கலாம், அந்தப் பெயருக்கு ஏலம் கேட்பதைத் தடுக்க மாட்டார்களாம்.

கொக்குவில் அக்கா: சரிதான். தம்பி, உங்களோடு வேறு யாருடைய விளம்பரம் போட்டியிடுகிறது என்று காட்டும் Auction insights அறிக்கையைக் கனடாவுக்குப் பாருங்கள். இன்னொருவர் பெயர் அங்கே அடிக்கடி வந்தால் இலங்கைக் கணக்கு பொருந்தாது, தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலிக் கடைக்காரன்: இரண்டு கடைகள் வருகின்றன அக்கா. ஆனால் கனடாவில் வாரம் 20 கிளிக்தான், அதை வைத்து என்னத்தை அளப்பது?